பேசின் கழட்ட மல்டி டூல், மூணு வருஷம் கழிச்சு எழுதுறேன்

நண்பன் ஒருத்தன் கேட்டான், "வாஷ்பேசினைச் சுத்தி இருக்கிற பழைய சிலிக்கானை அறுத்து பேசினை உடையாம எடுக்கணும், உன்கிட்ட இருக்கிற மாதிரி மல்டி டூல் நானும் வாங்கிடவாடா"ன்னு. ரெண்டு வரில பதில் சொல்லலாம்னு ஆரம்பிச்சேன், முடியல, அதான் இங்க முழுசா எழுதிட்டேன்.

நான் சொல்றது பிளேடு சுத்தாம இடமும் வலமுமா அதிருற அந்த ஆஸிலேட்டிங் மெஷின். நிமிஷத்துக்கு 10,000லேர்ந்து 20,000 தடவை வரை அதிரும், ஆனா பிளேடு நகர்ற கோணம் மூணு டிகிரி பக்கம்தான். மூணு வருஷமா வச்சிருக்கேன், மோட்டார்ல ஒரு குறையும் இல்ல. இதுவரைக்கும் நாலு பேசின், ஒரு பாத்ரூம் கண்ணாடித் தடுப்பு, ஒரு கிச்சன் சிங்க் கழட்டியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துலதான் எரிச்சல் வருது. பேசினோட பின்பக்கம்.

கவுண்டர் மேல உட்கார்ற பேசினுக்கும் பின்னாடி சுவருக்கும் நடுவுல பெரும்பாலும் ரெண்டு மூணு விரல் இடைவெளிதான் இருக்கும். மெஷினோட தலையோ ஒரு கைப்பிடி அளவு தடிமன், அதை அங்க நுழைக்கவே முடியாது. பக்கவாட்டுல இருந்து சாய்ச்சு விட்டா பிளேடு கல்லுல படுக்காது, அதோட முனை மட்டும் கல்லைக் குத்தும். முன்பக்கம், ரெண்டு பக்கம் எல்லாம் வெண்ணெய் மாதிரி அறுத்துட்டு, கடைசி கால்பங்கு ஒட்டு மட்டும் அப்படியே நிக்கும். அந்தக் கால்பங்கு போதும் பேசின் அசையாம இருக்க. முதல் வருஷம் இந்த ஆத்திரத்துலதான் சாய்ச்சு வச்சு அழுத்தினேன், மார்பிள்ல நாலு சென்டிமீட்டருக்கு வளைஞ்ச ஒரு கோடு விழுந்துடுச்சு. இன்னிக்கும் பல் தேய்க்கும்போது கண்ணுல படுது, மனசு கேக்க மாட்டேங்குது.

பின்பக்கத்தை அறுக்கிறது எதுன்னா தூண்டில் நரம்பு. சாதா நைலான் இல்ல, பல இழை பின்னின பின்னல் நரம்பு, அரை மில்லிமீட்டருக்குள்ள இருக்கும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு பிளம்பர் அண்ணன், நான் அப்போ நம்பல.

போன மாசம் பண்ண வேலையையே சொல்றேன். முட்டை வடிவ பேசின், அடிவட்டம் குறுக்கே ஒரு முப்பது சென்டிமீட்டர் இருக்கும். பேசின் ஓட்டைல தண்ணி வடியுற குழாயான வேஸ்ட் கப்ளிங் ஓரத்துல கசிஞ்சுது, பேசினை எடுத்தாத்தான் வழி. ஆங்கிள் வால்வை மூடி, பாட்டில் ட்ராப்பைக் கழட்டிட்டு, வேஸ்ட் கப்ளிங்கோட அடி நட்டையும் அவிழ்த்து, கப்ளிங்கை மேல் வழியா உருவி எடுத்துட்டேன். நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். அந்த நட்டு பல இடத்துல பேசினையும் கல்லையும் சேர்த்து இறுக்கிப் பிடிச்சிருக்கும், அதை விட்டுட்டு சிலிக்கானை எவ்வளவு அறுத்தாலும் பேசின் வராது. இன்னொண்ணு, நரம்பை பின்னாடி இருந்து முன்னாடி இழுக்கும்போது நடுவுல கப்ளிங் குழாய் நின்னா அதுல போய் மாட்டிக்கும். குழாய் துருப்பிடிச்சு உருவ வரலைன்னா பின்பாதியை குழாய் வரைக்கும் அறுத்துட்டு, நரம்பை வெளிய எடுத்து, முன்பாதியை முன்பக்கத்துல இருந்து தனியா அறுக்கணும். குழாய்க்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஒட்டு மிஞ்சும், அது பேசினைத் திருகும்போது கிழிஞ்சுடும்.

அப்புறம் வெளியில தெரியுற சிலிக்கான் வரி. இதை கட்டர் பிளேடால ரெண்டு தடவை கீறணும், ஒரு தடவை பீங்கானை ஒட்டி, ஒரு தடவை கல்லை ஒட்டி. நடுவுல இருக்கிற முக்கோணப் பட்டை ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தா கயிறு மாதிரி வரும். மெஷின்லயும் பண்ணலாம், ஆனா பீங்கான் மேல சாம்பல் கலர்ல கோடு விழும். அது கீறல்னு பயப்படாதீங்க, பளபளப்புப் பூச்சு இரும்பை விட கெட்டி, பிளேடோட இரும்புதான் தேய்ஞ்சு அது மேல ஒட்டியிருக்கு, ஆக்ஸாலிக் ஆசிட் கலந்த கிளீனர் போட்டா போயிடும். கல்லுல விழுந்தது அப்படிப் போகாது, அதுக்கு என் மார்பிளே சாட்சி.

இப்ப நரம்பு. ஒரு மீட்டருக்கு மேல வெட்டி, ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு சின்ன மரக்குச்சி கட்டினேன், வெறும் கையில சுத்தி இழுத்தா விரல் அறுந்துடும். நரம்பை பேசினுக்குப் பின்னாடி மேல இருந்து தொங்கவிட்டு, அடியில கல்லோட ஒட்டி உட்கார வச்சு, பாத்திரம் தேய்க்கிற சோப் கலந்த தண்ணிய சுத்தி ஊத்திட்டு, ரெண்டு முனையையும் என் பக்கம் இழுத்துக்கிட்டே மாத்தி மாத்தி ரம்பம் மாதிரி ஆட்டினேன். ஒவ்வொரு இழுப்பும் நீளமா, ஒரு சாண் அளவாவது இருக்கணும், அவசரப்படக் கூடாது. சிலிக்கான் சூட்டுக்கு அசையாது, சாதா சிலிக்கானே 150 டிகிரி தாங்கும், அதனாலதான் ஹீட் கன் காட்டினாலும் உருகாது. ஆனா நரம்பு உருகும். ஒரே இடத்துல வேகமா குட்டைக் குட்டையா தேய்ச்சா உரசல் சூடு அங்கயே தேங்கி பட்டுனு அறுந்துடும், எனக்கு முதல் தடவை மூணு நரம்பு அப்படித்தான் போச்சு. சோப் தண்ணி சூட்டையும் இழுவையையும் குறைக்குது, காய்ஞ்சா திரும்ப ஊத்திக்கணும். கெட்டியா இருக்கட்டும்னு கிட்டார் கம்பி போட்டுப் பார்த்தவங்க உண்டு, கம்பி அறுக்கும்தான், கூடவே மார்பிளையும் அறுக்கும்.

சிலிக்கானோட குணமே இதுதான், நேரா இழுத்தா பல மடங்கு நீளும், விட மாட்டேங்கும், ஆனா ஒரு இடத்துல வெட்டு விழுந்துட்டா அங்க இருந்து கிழிசல் சுலபமா ஓடும். அதனால பின்பக்கம் முதல் வெட்டு விழுற வரைக்கும் அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துச்சு, அப்புறம் நரம்பு மெதுவா உள்ள போக ஆரம்பிச்சுது, வட்டத்தோட நடுப்பகுதில அகலம் அதிகம்ங்கிறதால இழுவை கூடுச்சு, அதைத் தாண்டினா திரும்ப லேசாச்சு.

இடது பக்கம் முன்னாடி ஒரு இடத்துல நரம்பு நின்னுடுச்சு. ரப்பர்ல சிக்குற இழுவை கிடையாது, சுவத்துல மோதுன மாதிரி. வெளிய எடுத்துப் பார்த்தா நரம்புல வெள்ளைப் பொடி, இழை பிரிஞ்சு போயிருக்கு. யாரோ பழைய வேலைக்காரர் சிலிக்கானோட ஒரு உருண்டை வெள்ளை சிமென்ட்டும் வச்சிருக்கார். இங்கதான் மெஷினுக்கு மரியாதை பண்ணணும். கார்பைட் துகள் பதிச்ச பிளேடை மாட்டி, வேகத்தைக் குறைச்சு, கல்லுக்கும் பிளேடுக்கும் நடுவுல ஒரு மெல்லிசான ஸ்டீல் தகடு வச்சு அறுத்தேன், ரெண்டு நிமிஷத்துல பொடியாயிடுச்சு. கையால அதைப் பண்ணியிருந்தா பேசின் விளிம்பு கண்டிப்பா தெறிச்சிருக்கும். நல்லவேளை உருண்டை முன்பக்கம் இருந்துச்சு, பின்பக்கம் இருந்திருந்தா இதே மெஷினை நான் திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்.

நரம்பு முழுசா வெளிய வந்த பிறகும் பேசின் ஒட்டினாப்லதான் இருக்கும், அங்கங்க நூல் நூலா மிச்சம் இருக்கும், தண்ணியும் உறிஞ்சிப் பிடிக்கும். ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பாதீங்க, தயவு செஞ்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சு கடிகார முள் மாதிரி கொஞ்சம் இப்படி அப்படி திருகணும், மிச்சம் கிழியும், அப்புறம் ஒரு பக்கத்தை மட்டும் முதல்ல தூக்கணும். நேரா மேல தூக்கினா மொத்தப் பரப்பும் சேர்ந்து எதிர்க்கும், ஓரத்துல இருந்து உரிச்சா ஒரு கோடு மட்டும்தான் எதிர்க்கும். என் பேசின் ஒரு சிராய்ப்பு இல்லாம வந்துச்சு, அன்னிக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

கல்லுக்கு அடியில ஒட்டித் தொங்குற பேசின்னா முறை வேற, நரம்பு போடுறதுக்கு முன்னாடியே கீழ கட்டை கொடுத்து தாங்கி நிறுத்தணும், இல்லன்னா கடைசி வெட்டுல காலில விழும்.

அறுத்ததுக்கு அப்புறம் கல்லுல மிஞ்சுற ரப்பர் தோலைச் சீவுறதுக்கு மெஷின்தான் ராஜா, இதை ஒத்துக்காம இருக்க முடியாது. பல் இல்லாத, வளையுற ஸ்க்ரேப்பர் பிளேடைப் போட்டு கல்லோட கிட்டத்தட்ட படுக்க வச்சு ஓட்டினா பட்டை பட்டையா வரும், கையால ஒரு மணி நேரம் சுரண்டுற வேலை பத்து நிமிஷத்துல முடியும். அதுக்கப்புறமும் கண்ணுக்குத் தெரியாத படலம் இருக்கும், காய்ஞ்ச சிலிக்கானை அப்படியே கரைக்கிற சாதா திரவம் எதுவும் கிடையாது, ரிமூவர் ஜெல் கூட மெல்லிசா மிஞ்சினதைத்தான் இளக வைக்கும். படலம் போச்சான்னு பார்க்க தண்ணி தெளிங்க. முத்து முத்தா திரண்டு நின்னா இன்னும் இருக்கு, சீரா பரவினா போயிடுச்சு. திரண்டு நிக்கிற இடத்துல புது சிலிக்கான் ஒட்டாது, சில மாசத்துல உரிஞ்சு கசியும், முதல் பேசின்ல எனக்கு அதுதான் ஆச்சு.

பாத்ரூம் கண்ணாடித் தடுப்பு விஷயத்துல மட்டும் கறாரா சொல்றேன், மெஷினைப் பக்கத்துலயே கொண்டு போகாதீங்க. அது பெரும்பாலும் டஃபன்ட் கிளாஸ், நடுவுல குத்து கூட தாங்கும், ஓரத்துல இரும்பு பிளேடு அதிர்ந்து பட்டா மொத்தமும் நொறுங்கிடும். சுவத்துல ஒட்டின பலகைன்னா நரம்பு போகும். யு வடிவ உலோகச் சேனல்ல நிக்கிறதுன்னா கண்ணாடியைத் தாங்க கீழ வச்சிருக்கிற சின்னத் துண்டுகள்ல நரம்பு மாட்டிக்கும், அங்க மெல்லிசான பிளாஸ்டிக் பிளேடால ரெண்டு பக்கமும் பொறுமையா கீறணும். ரெண்டு மீட்டர் உயரம், 90 சென்டிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் தடிமன்னா 45 கிலோ. கடைசி வெட்டுக்கு முன்னாடியே இன்னொரு ஆள் பிடிச்சு நிக்கணும்.

அதனால நண்பனுக்கு என் பதில், வாங்காத. சீவுறதுக்கு இவ்வளவு நல்லா இருக்கு, சிமென்ட் உருண்டையை அறுத்துச்சு, எல்லாம் நிஜம். ஆனா நீ கேட்டது பேசினை உடையாம தூக்குறதுக்கு, அந்த வேலையை இது ஒரு தடவை கூட எனக்கு முழுசா முடிச்சுக் கொடுக்கல. ஞாயித்துக்கிழமை நான் வரும்போது என் மெஷினை எடுத்துட்டு வரேன், நீ பின்னல் நரம்பு ரெண்டு மூணு மீட்டர் வாங்கி வை, நான் வர்றதுக்கு முன்னாடி வேஸ்ட் கப்ளிங்கோட நட்டை மட்டும் அவிழ்த்து வச்சுடு.