மாடி டேங்குக்கு அரை எச்.பி. மோட்டாரா, ஒரு எச்.பி.யா? நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிந்தவை

தரைத் தொட்டியிலிருந்து மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் வாங்கும்போது, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு எச்.பி. எடுத்துவிடுவதுதான் வழக்கம். பைப் விஷயத்தில் அந்தத் தாராளம் இருப்பதில்லை. கையில் இருக்கும் முக்கால் இன்ச் பைப்பையே மேலே வரை ஓட்டிவிடுகிறார்கள். சில வருடம் ஓடிய பிறகு பார்த்தால், இரண்டையும் மாற்றிச் செய்திருக்க வேண்டும் என்பது தெரியும். மோட்டாரில் மிச்சம் பிடித்து பைப்பில் செலவு செய்வதுதான் சரி.

தரைத்தளம், அதன்மேல் ஒரு மாடி, மாடிப்படி அறையின் மேல் 1000 லிட்டர் டேங்க் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரிலிருந்து டேங்கின் வாய் வரை 9 மீட்டர் உயரம். தரைத் தொட்டி வற்றும் நிலையில் தண்ணீர் மோட்டாருக்கு 2 மீட்டர் கீழே நிற்கும். ஆக 11 மீட்டர் ஏற்ற வேண்டும். இதைக் கணக்கிடும்போது பலரும் கீழே இருக்கும் அந்த 2 மீட்டரை விட்டுவிடுகிறார்கள்.

இதோடு பைப்புக்குள் உரசிப் போவதால் வரும் இழப்பையும் சேர்த்தால்தான் மோட்டார் உண்மையில் தள்ள வேண்டிய மொத்த உயரம், அதாவது ஹெட், கிடைக்கும். பைப் நீளம் 24 மீட்டர். எல்போக்களும் உறிஞ்சும் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வும் சுமார் 6 மீட்டர் பைப்புக்குச் சமம். மொத்தம் 30 மீட்டர் என்று கொள்ளலாம். நிமிடத்துக்கு 25 லிட்டர் ஓடும்போது, உள்விட்டம் 24 மி.மீ. உள்ள ஒரு இன்ச் பைப்பில் இழப்பு சுமார் 1.5 மீட்டர். 19 மி.மீ. உள்ள முக்கால் இன்ச்சில் அதுவே 4.5 மீட்டர். விட்டத்தில் 5 மி.மீ. குறைந்ததற்கு இழப்பு மூன்று மடங்கு! ஒன்னேகால் இன்ச் போட்டால் இழப்பு அரை மீட்டருக்கு இறங்கும். ஆனால் மிச்சமாகும் அந்த ஒரு மீட்டருக்காக இந்த உயரத்தில் அவ்வளவு தடித்த பைப் தேவையில்லை. இன்னொன்று, பைப்பை அழைக்கும் இன்ச் கணக்கும் உள்விட்டமும் ஒன்றல்ல. சுவர் தடித்த பைப்பில் தண்ணீர் போகும் வழி குறுகிவிடும். வாங்கும்போது உள்ளே அளந்து பார்ப்பது நல்லது.

ஆக ஒரு இன்ச் பைப்பில் நமக்கு வேண்டியது 12.5 மீட்டர் ஹெட்டில் நிமிடத்துக்கு 25 லிட்டர். மோட்டாரோடு வரும் அட்டவணையில் எந்த ஹெட்டுக்கு எத்தனை லிட்டர் என்று இருக்கும். 12 அல்லது 15 மீட்டர் என்ற கட்டத்துக்கு நேரே உள்ள எண்ணைப் பாருங்கள். பெட்டியின்மேல் பெரிதாகப் போட்டிருக்கும் அதிகபட்ச ஹெட் என்பது தண்ணீரே வராமல் நிற்கும் உயரம். அதிகபட்ச லிட்டர் என்பது ஏறக்குறைய தரைமட்டத்தில் கிடைப்பது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

இனி மின்சாரம். மோட்டாரும் பம்ப்பும் ஒன்றாகவே வரும் சின்ன மோனோபிளாக்கில் எச்.பி. என்பது தண்டில் கிடைக்கும் சக்தி. லைனிலிருந்து இழுப்பது அதைவிட அதிகம். அரை எச்.பி. சுமார் 0.6 கிலோவாட்டும், ஒரு எச்.பி. சுமார் 1.1 கிலோவாட்டும் எடுக்கும். அரை எச்.பி., ஒரு இன்ச் பைப்பில் டேங்கை 40 நிமிடத்தில் நிரப்பினால் செலவு 0.4 யூனிட். தினமும் ஒரு டேங்க் என்றால் மாதம் 12 யூனிட். அதே பைப்பில் ஒரு எச்.பி. போட்டால் 24 நிமிடத்தில் நிரம்பும், 0.44 யூனிட், மாதம் 13. அதையே முக்கால் இன்ச்சில் மாட்டினால் நேரமும் கூடும், இழுக்கும் கரண்ட்டும் கூடும். மாதம் 16, 17 யூனிட் வரை போகும். உங்கள் ஊர்க் கட்டணத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பில்லில் இதெல்லாம் பெரிய வித்தியாசமில்லை என்பது உண்மைதான். (1000 லிட்டரை 11 மீட்டர் தூக்க இயற்கை கேட்பது வெறும் 0.03 யூனிட். மீதி முழுவதும் மோட்டார் சூட்டிலும், பம்ப்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரத்தின் சுழற்சியிலும் போகிறது. சின்ன பம்ப்புகளின் லட்சணம் அது.) பைப் சிறியதாக இருப்பதன் உண்மையான விலையை மோட்டாரின் ஆயுளில்தான் கொடுக்கிறோம்.

காரணம் இது. வீட்டு மோட்டார்களில் பெரும்பாலானவை ஓரத்தில் சிறு பற்கள் வெட்டிய பித்தளை இம்பெல்லர் கொண்டவை. இந்த வகை எவ்வளவு அடைபடுகிறதோ அவ்வளவு அதிக கரண்ட் இழுக்கும். டெலிவரி வால்வைப் பாதி மூடி வைத்தாலும், பைப் சிறியதானாலும், டேங்கில் ஃப்ளோட் வால்வு மூடிக்கொண்டாலும் ஒரே விளைவுதான்: பாடி கை வைக்க முடியாமல் சுடும், ஓவர்லோட் ட்ரிப் ஆகும். அகல இறக்கைகள் கொண்ட சென்ட்ரிஃபியூகல் வகை இதற்கு நேர் எதிர். 30 மீட்டர் ஹெட்டுக்கான மோட்டாரை 11 மீட்டருக்குப் போட்டால், தண்ணீர் தாராளமாக வந்துகொண்டே மோட்டார் ஓவர்லோட் ஆகும். "தண்ணி நல்லாத்தானே வருது" என்று யாரும் சந்தேகப்படவே மாட்டார்கள்.

உறிஞ்சும் பக்கம் மட்டும் எக்காரணம் கொண்டும் மோட்டார் வாயைவிடச் சிறிய பைப் போடக்கூடாது. தள்ளும் பக்கம் குறுகினால் தண்ணீர் குறையும், மேலே சொன்னதுபோல் மோட்டார் சுடும். உறிஞ்சும் பக்கம் குறுகினால் பம்ப்புக்குள் கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் வரும், இம்பெல்லர் அரிக்கும். தண்ணீர் விட்டுவிட்டு, குமிழியோடு வந்தால் அது வேறு. இணைப்பில் எங்கோ காற்று இழுக்கிறது என்று பொருள்.

மோட்டார் எவ்வளவு எடுக்கிறது என்று அறிய தனிக் கருவி தேவையில்லை. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் 3200 imp/kWh என்பதுபோல் அச்சிட்டிருக்கும். ஒரு நிமிடத்தில் 32 முறை சிமிட்டினால், மணிக்கு 1920. அதை 3200 ஆல் வகுத்தால் 0.6 கிலோவாட்.

ஒரு எச்.பி. தேவைப்படும் இடமும் உண்டு. மின்சாரம் வந்து அரைமணி நேரத்தில் போய்விடும் பகுதி, இரண்டு குடும்பம் ஒரே தொட்டியை நம்பியிருப்பது, வருங்காலத்தில் இன்னொரு மாடி எழுப்பும் திட்டம். அப்போதும் ஒரு இன்ச்சுக்குக் குறைந்த பைப் வேண்டாம்.

புதிதாக மாட்டிய அன்றே, டேங்க் காலியிலிருந்து நிரம்ப எத்தனை நிமிடம் என்று மோட்டார் மேலேயே எழுதி வையுங்கள். 40 நிமிடம் மெல்ல 50, 55 ஆனால் முதலில் ஃபுட் வால்வு சல்லடையைக் கழுவிப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தும் நேரம் குறையாவிட்டால், பெரும்பாலும் தண்ணீரில் வரும் மணல் இம்பெல்லரைத் தேய்த்திருக்கும். பற்கள் வெட்டிய வகையில் இம்பெல்லருக்கும் பக்கச் சுவருக்கும் இடைவெளி மிக மிகக் குறைவு. கொஞ்சம் தேய்ந்தாலே அழுத்தம் போய்விடும். அதே குறுகிய இடைவெளியால்தான் சில வாரம் ஓட்டாமல் விட்டால் துருப்பிடித்து இறுகிக்கொள்கிறது. ஸ்விட்சைப் போட்டதும் உறுமல் மட்டும் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் காயில் எரியும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத் தண்டின் வெட்டில் ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் இரண்டு சுற்றில் இளகிவிடும். தண்டு லேசாகச் சுற்றியும் உறுமுகிறது என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும்.