வருமான வரித் தேய்மானத்துக்குத் தனி லெட்ஜர் வேண்டுமா?

ஈஆர்பி போடும் ஒவ்வொரு கம்பெனியிலும், ஃபிக்சட் அசெட் பகுதிக்கு வந்ததும் இந்தக் கேள்வி எழும்: "கம்பெனிச் சட்டத்துக்கு ஒரு தேய்மானம், வருமான வரிக்கு ஒரு தேய்மானம். இரண்டையும் ஒரே சிஸ்டத்தில் எப்படி வைப்பது?" மென்பொருள் விற்க வந்தவர் பெரும்பாலும் சொல்லும் பதில், பேரலல் லெட்ஜர்; அதாவது ஒரே சிஸ்டத்தில் ஒவ்வொரு கணக்கு முறைக்கும் ஒரு முழுத் தனிப் பேரேடு. ஸ்லைடில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்திய வருமான வரிக்கு அதுதான் சரியான விடையா என்று பார்க்க, ஒரு மிஷினையாவது இரண்டு கணக்கிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பம்ப் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு சிஎன்சி மிஷின் வாங்கி, 2024 நவம்பர் 10 அன்று ஓட்டத் தொடங்குகிறார்கள். கம்பெனிச் சட்டத்தின் 2ஆம் அட்டவணை, பொதுவான மிஷினரிக்கு 15 ஆண்டு ஆயுள் தருகிறது. மீதி மதிப்பாக 5 சதவீதத்தை விட்டால், நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 2,53,333 ரூபாய். மார்ச் 31 வரை 142 நாள் என்பதால் இந்த ஆண்டுச் செலவு 98,557 ரூபாய். வருமான வரியில் அதே மிஷினுக்கு 15 சதவீத விகிதம்; 180 நாளுக்குக் குறைவாக ஓடியதால் பாதி, அதாவது 7.5 சதவீதம். மூன்று லட்சம் ரூபாய். கம்பெனி குறைந்த வரி விகிதம் தரும் 115BAA பிரிவில் போயிருப்பதால் கூடுதல் தேய்மானம் கிடையாது. ஆக வித்தியாசம் 2,01,443 ரூபாய். அதற்கு 25.168 சதவீதத்தில் டிஃபர்ட் டாக்ஸ், அதாவது இப்போது மிச்சமாகிப் பிறகு கட்ட வேண்டி வரும் வரி, 50,699 ரூபாய்.

இதுவரை எந்த வழியில் போனாலும் விடை ஒன்றுதான். பேரலல் லெட்ஜர் வைத்தால் ஒரு லெட்ஜரில் 98,557, இன்னொன்றில் 3,00,000 என்று பதிவாகும். லெட்ஜரே இல்லாமல் அசெட் மாஸ்டரில் இரண்டாவது தேய்மானப் பகுதியாக மட்டும் வைத்தால், முதல் தொகை பொதுப் பேரேட்டுக்குப் போகும். இரண்டாவது ரிப்போர்ட்டில் மட்டும் தெரியும். எக்செலில் போட்டாலும் மூன்று லட்சம்தான். டெமோவில் எல்லாரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். சிக்கல் வருவது சொத்தை விற்கும்போது.

அதே ஆண்டில் ஒரு பழைய லேத்தை ஆறு லட்சத்துக்கு விற்கிறார்கள். புத்தகத்தில் அதன் மதிப்பு நான்கு லட்சம், ஆகவே இரண்டு லட்சம் லாபம். கம்பெனிக் கணக்கில் அது சரி. வருமான வரியில் அந்த லேத்துக்குத் தனி மதிப்பே கிடையாது. ஒரே விகிதத்தில் தேயும் ஒரே வகைச் சொத்துகளை எல்லாம் ஒரே தொகையாகப் பார்க்கும் 15 சதவீத பிளாக்குக்குள் அது கரைந்துவிட்டது. விற்ற பணம் முழுவதும் பிளாக்கிலிருந்து கழியும், அவ்வளவுதான். பிளாக்கில் இருக்கும் தொகையைவிட விற்ற தொகை அதிகமானாலோ, பிளாக்கில் ஒரு சொத்துகூட மிஞ்சாமல் போனாலோதான் 50ஆம் பிரிவின்படி குறுகிய கால லாப நஷ்டம் என்ற பேச்சே வரும்.

பேரலல் லெட்ஜருக்கு இது தெரியாது. அது சொத்து வாரியாகத்தான் யோசிக்கும். வரி லெட்ஜரில் அந்த லேத்தின் மதிப்பு 3,50,000 என்று வைத்திருந்தால், விற்ற நாளில் 2,50,000 லாபம் என்று பதிவு போட்டுவிடும். ஆண்டுத் தொடக்கத்தில் பிளாக்கின் மொத்த மதிப்பு 1.2 கோடி என்று வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இப்படி வரும்:

| | பிளாக் முறை | சொத்து வாரி லெட்ஜர் |
|---|---|---|
| தொடக்க மதிப்பு | 1,20,00,000 | 1,20,00,000 |
| புதிய சிஎன்சி | 40,00,000 | 40,00,000 |
| லேத்துக்காகக் கழிவது | 6,00,000 | 3,50,000 |
| பழைய சொத்துகளுக்கு 15% | 17,10,000 | 17,47,500 |
| சிஎன்சிக்கு 7.5% | 3,00,000 | 3,00,000 |
| விற்பனை லாபம் | இல்லை | 2,50,000 |
| முடிவு மதிப்பு | 1,33,90,000 | 1,36,02,500 |

விற்ற ஆண்டில் லேத்துக்குத் தேய்மானம் வராதபடி அமைத்த பிறகும் இதுதான் நிலை. வரிச் சட்டப்படி இல்லாத லாபம் 2,50,000 லெட்ஜரில் வந்தது, தேய்மானம் 37,500 கூடியது. நிகரமாக வருமானம் 2,12,500 அதிகம். வரி 53,482 ரூபாய் முன்கூட்டியே போகிறது. முடிவு மதிப்பிலும் அதே 2,12,500 தான் வித்தியாசம், அதாவது பணம் தொலையவில்லை, காலம் தள்ளிப் பிறகு தேய்மானமாகத் திரும்பி வரும். ஆனால் வரித் தணிக்கைக்கான படிவம் 3CD-யின் 18ஆம் பத்தியில் ஆடிட்டர் கேட்பது இடது பக்க எண்ணைத்தான். வலது பக்கத்தை எவ்வளவு நேர்த்தியாகப் பதிவிட்டிருந்தாலும், மார்ச்சுக்குப் பிறகு யாரோ எக்செலைத் திறக்கத்தான் போகிறார்கள்.

2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன; இங்கே நான் சொல்பவை பழைய சட்டத்தின் எண்கள். பிளாக் முறை அப்படியே தொடர்கிறது.

அப்படியென்றால் பேரலல் லெட்ஜர் எதற்கு வந்தது? ஜெர்மனி போன்ற நாட்டில் வணிகக் கணக்குக்கு ஒரு இருப்புநிலைக் குறிப்பு, வரிக்குத் தனியாக ஒன்று என்று இருக்கிறது. அங்கே வரி லெட்ஜர் என்பது அதிகாரியிடம் போகும் கணக்கு. இந்தியாவில் அப்படி இல்லை. இங்கே புத்தக லாபத்தை எடுத்து, புத்தகத் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, வரித் தேய்மானத்தைக் கழித்து, விற்பனை லாபத்தை நீக்குகிறோம். வருமானக் கம்ப்யூட்டேஷனில் மூன்று நான்கு லைன்தான். வரிக்கென்று ஒரு முழு டிரையல் பேலன்ஸ் யாரும் கேட்பதில்லை. கேட்காத ஒன்றுக்காக இரண்டு லெட்ஜரை மாதாமாதம் மூட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மூடும் வேலை சின்னதும் இல்லை. எஸ்ஏபி எஸ்/4-இல் லெட்ஜர் குரூப் குறிப்பிடாமல் போடும் பதிவு எல்லா லெட்ஜருக்கும் போகும். `FB50L` போன்ற திரையில் குரூப் கொடுத்துப் போட்டால் அந்த லெட்ஜருக்கு மட்டும் போகும். நான் பார்த்த ஓர் இடத்தில் மார்ச் மாத போனஸ் ஒதுக்கீட்டை யாரோ புத்தக லெட்ஜரான `0L`-ஐ மட்டும் கொடுத்துப் போட்டுவிட்டார்கள். புத்தக லெட்ஜர் சரியாக இருந்ததால் மூன்று மாதம் யாரும் கவனிக்கவில்லை. வரி லெட்ஜரின் லாபம் மட்டும் போனஸ் அளவுக்குக் கூடி நின்றது. எல்லாரும் தேய்மானத்தில்தான் தப்பு என்று தேடிக்கொண்டிருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, இரண்டு லெட்ஜரின் டிரையல் பேலன்ஸையும் கணக்கு வாரியாகக் கழித்துப் பார்ப்பது. தேய்மானச் செலவு, சேர்ந்த தேய்மானம், சொத்து விற்பனை லாப நஷ்டம், முந்தைய ஆண்டு லாபத்தின் இருப்பு இவற்றைத் தவிர வேறு கணக்கில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும், அங்கே யாரோ ஒற்றை லெட்ஜரில் கை வைத்திருக்கிறார்கள்.

என் கணக்கில் இந்திய வரிக்குப் பொருத்தமானது, பேரேட்டுக்குப் பதிவு போகாத தேய்மானப் பகுதி. எஸ்ஏபியின் இந்திய அமைப்பில் வழக்கமாக 15ஆம் எண் பகுதி இதற்காகவே இருக்கிறது. பிளாக் வாரியாகத் தொகுத்துக் காட்ட `J1IQ` ரிப்போர்ட். ஆரக்கிளில் கார்ப்பரேட் புக்கை ஒட்டி டாக்ஸ் புக் திறந்து, சொத்துகளை அதிலிருந்து மொத்தமாக நகலெடுக்கலாம். பதிவு இல்லை என்பதால் மாத மூடலுக்கு எந்தச் சுமையும் இல்லை. சொத்து மட்டும் ஒரே இடத்தில் நுழைகிறது.

ஆனால் இதிலும் ஒரு தேதியை ஒழுங்காகப் பிடிக்க வேண்டும். 180 நாளை எண்ணுவது மிஷினை ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து; பில் தேதியோ, கேபிடலைஸ் செய்த தேதியோ கிடையாது. செப்டம்பரில் பில் வந்து, கேபிடலைஸ் ஆகி, நவம்பரில்தான் ஓடத் தொடங்கிய மிஷினுக்கு முழு விகிதம் போட்டுவிடும் தவறு அடிக்கடி நடக்கும். தேய்மானத் தொடக்கத் தேதியை வரிப் பகுதிக்குத் தனியாகக் கொடுக்க முடியும்; கொடுக்க வேண்டும் என்று ஸ்டோர்ஸில் யாருக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினை. இன்னொன்று, அடக்க விலையே இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. வெளிநாட்டுக் கடனில் வாங்கிய இறக்குமதி மிஷின் என்றால், கடனைக் கட்டும்போது ஏற்படும் அந்நியச் செலாவணி வித்தியாசம், 43A பிரிவின்படி வரியில் சொத்தின் விலையில் சேரும் அல்லது குறையும். புத்தகத்தில் அது செலவாகப் போயிருக்கலாம். பகுதி தனியாக இருந்தால் இதை அங்கே மட்டும் திருத்திக்கொள்ளலாம்.

பேரலல் லெட்ஜருக்கும் பதிவில்லாத பகுதிக்கும் நடுவில் நிற்பது ஈஆர்பிநெக்ஸ்ட். அதில் லெட்ஜர் ஒன்றுதான். ஒவ்வொரு தேய்மானப் பதிவுக்கும் ஃபைனான்ஸ் புக் என்ற முத்திரை குத்தப்படும். ஒரு சொத்துக்கு இரண்டு புக், இரண்டு அட்டவணை. சிறிய கம்பெனிக்கு வசதிதான். ஆனால் இரண்டும் உண்மையான பதிவுகள், ஒரே தேய்மானக் கணக்கில் விழுகின்றன. ரிப்போர்ட்டில் எந்த புக்கைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதைப் பொறுத்து லாபம் மாறும். அந்த நெடுவரிசையைக் கண்டுகொள்ளாமல் யாராவது சொந்தமாக ஒரு ரிப்போர்ட் எழுதினால் 98,557-உம் 3,00,000-உம் சேர்ந்து 3,98,557 என்று வரும். சந்தேகம் வந்தால் இதை ஓட்டிப் பாருங்கள்; கணக்கின் பெயரை மட்டும் உங்களுடையதாக மாற்றுங்கள்:

```sql
SELECT finance_book, SUM(debit - credit)
FROM `tabGL Entry`
WHERE account = 'Depreciation - ABC'
  AND is_cancelled = 0
  AND voucher_type != 'Period Closing Voucher'
  AND posting_date BETWEEN '2024-04-01' AND '2025-03-31'
GROUP BY finance_book;
```

புத்தகத் தேய்மானத்துக்கு ஒரு லைன், வரித் தேய்மானத்துக்கு ஒரு லைன் வர வேண்டும். புக் பெயரே இல்லாமல் மூன்றாவதாக ஒரு லைன் வந்தால், யாரோ கையால் ஜர்னல் போட்டிருக்கிறார்கள். அது இரண்டு பக்கமும் எண்ணப்படும்.

ஒரே லெட்ஜரில் வரித் தேய்மானத்துக்குத் தனிக் கணக்கு எண்கள் திறக்கும் பழைய வழியும் உண்டு. கணக்குப் பட்டியல் வீங்கும், ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அந்த எண்களை விலக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் இதைத் தொட வேண்டியதில்லை.

எக்செலைக் குறைத்துப் பேசமாட்டேன். பிளாக் முறையில் ஒரு சாதாரணக் கம்பெனிக்கு ஐந்தாறு லைன்தான் வரும்: கட்டடம் 10, ஃபர்னிச்சர் 10, மிஷினரி 15, கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் 40 சதவீதம் என்பது போல. வருடத்துக்கு இருபது முப்பது சொத்து வாங்கும் இடத்தில், ஈஆர்பியிலிருந்து ஓட்டத் தொடங்கிய தேதியோடு பட்டியல் எடுத்து எக்செலில் போடுவது, தப்பாக அமைத்த வரி லெட்ஜரைவிட நம்பகமானது. சென்ற ஆண்டு 3CD-யின் முடிவு மதிப்பும் இந்த ஆண்டின் தொடக்கமும் பொருந்துகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

பேரலல் லெட்ஜருக்கு உண்மையான தேவை வேறு இடத்தில் இருக்கிறது. தாய் நிறுவனம் அமெரிக்காவிலோ ஜப்பானிலோ இருந்து, இங்குள்ள மிஷினுக்கு 15-க்குப் பதிலாக 10 ஆண்டு ஆயுள் என்று குரூப் கொள்கை சொன்னால், ஒவ்வொரு மாதமும் முழு டிரையல் பேலன்ஸே அவர்களுக்குப் போக வேண்டும். அங்கே சொத்து வாரியான லாப நஷ்டம்தான் சரி, பிளாக் கிடையாது, டிசம்பரில் ஆண்டு முடிந்தாலும் தனி லெட்ஜர் தாங்கும். அதற்கு லெட்ஜர் திறங்கள், பதிவில்லாத பகுதியில் வரியை வையுங்கள். இரண்டும் ஒரே சிஸ்டத்தில் சண்டையில்லாமல் இருக்கும். ஆனால் லெட்ஜரைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் பிறகு இன்னொரு லெட்ஜர் சேர்ப்பது தனி பிராஜெக்ட், அதற்குத் தனி பில்.