"சேஃப் ஜோன்" என்று சொல்லி வீடு காட்டினால், முதலில் தரைத்தளத்தைப் பாருங்கள்

மூன்று மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துக் குடிபோய், ஏழே வாரத்தில் காலி செய்த வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அட்வான்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை. நில அதிர்வு வரும் நகரத்துக்கு வேலைக்காகப் போகிற வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

வீடு பார்க்கப் போனது இரவு எட்டு மணிக்கு. நில அதிர்வைப் பற்றிக் கேட்டதும் தரகர் ஃபோனில் மண்டல வரைபடத்தை எடுத்துக் காட்டினார். "பாருங்க சார், சிவப்பெல்லாம் அந்தப் பக்கம். நம்ம ஏரியா மஞ்சள்லதான் வருது. சேஃப் ஜோன்." கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்த வரைபடம் பொய்யில்லை. ஆனால் அது சொல்வது வேறு விஷயம். ஒரு வட்டாரத்தில் நிலம் எவ்வளவு பலமாகக் குலுங்கக்கூடும், அதற்கு ஏற்றபடி அங்கே கட்டடத்தை எவ்வளவு உறுதியாகக் கட்ட வேண்டும் என்று பொறியாளருக்குச் சொல்லும் கணக்கு அது. அப்படித்தான் கட்டினார்களா என்று அது சொல்லாது. நீங்கள் நிற்கும் மனைக்கு அடியில் பாறையா, நிரப்பிய மண்ணா என்பதும் அதில் தெரியாது. 1985இல் மெக்சிகோ நகரம் குலுங்கியபோது அதிர்வின் மையம் 350 கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரைப் பக்கம் இருந்தது. பழைய ஏரிப்படுகையின் களிமண் அந்த அதிர்வைப் பெருக்கிவிட்டதால்தான் நகரத்தில் அத்தனை கட்டடங்கள் விழுந்தன. வரைபடமும் மாறிக்கொண்டே இருக்கும். 1993இல் லாத்தூரில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்களே, அந்த இடம் அன்றைய இந்திய வரைபடத்தில் இருப்பதிலேயே ஆபத்துக் குறைந்த மண்டலத்தில்தான் இருந்தது. அதனால் தரகர் மண்டலத்தைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கட்டடத்தைப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டது அதைத்தான்.

குடிபோன பிறகு பகலில்தான் தரைத்தளத்தைச் சரியாகப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட இரண்டு கடைகள், பின்பக்கம் கார் நிறுத்தும் இடம். சுவரே இல்லை, தூண்கள் மட்டும்தான். மேலே நான்கு மாடியிலும் வீட்டுக்கு வீடு செங்கல் சுவர்.

பொறியாளர்கள் இதை 'சாஃப்ட் ஸ்டோரி' என்பார்கள், மென்தளம். மேல் மாடிகளில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே சுவர் இருப்பதால் அவை விறைப்பாக, ஒரே பெட்டி போல நகரும். கீழே சுவர் இல்லாததால் கட்டடம் பக்கவாட்டில் ஆடும் ஆட்டம் கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரு தளத்துத் தூண்களில் வந்து விழும். ஐந்து தளங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய வளைவை ஒரு தளம் தனியாகத் தாங்க வேண்டும். தூணின் தலையும் அடியும் நசுங்கினால் மேலே உள்ள மாடிகள் அப்படியே கீழே இறங்கி உட்காரும். 2001இல் பூஜ் நிலநடுக்கத்தின்போது 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல, கீழே பார்க்கிங் விட்டுத் தூண்மேல் நிறுத்தியவைதான்.

பார்க்கிங் இருந்தாலே ஆபத்து என்று சொல்ல வரவில்லை. கீழ்த் தூண்களைப் பருமனாக்கி, மூலைகளிலோ லிஃப்ட்டைச் சுற்றியோ கான்கிரீட் சுவர் எழுப்பி ஒழுங்காகக் கட்டியவையும் உண்டு. இங்கே அப்படி எதுவும் இல்லை.

இரண்டாம் மாடியில் வெகு காலமாக இருக்கும் அம்மா ஒருவர் படியில் பேசிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னார்: "போன வருஷம் லேசா குலுங்கினப்போ கீழ பின்னாடி தூண்ல விரிசல் விட்டுச்சு தம்பி. மறு வாரமே பூசி வெள்ளையடிச்சுட்டாங்க." எனக்கு வயிற்றைக் கலக்கியது. உடனே போய்ப் பார்த்தேன். பின்வரிசைத் தூண்கள் இரண்டில், பீமைத் தொடும் இடத்துக்குக் கீழே ஒரு முழம் உயரத்துக்கு மட்டும் பூச்சு புதிதாக இருந்தது. தூணின் மற்ற இடமெல்லாம் பழைய மங்கல் நிறம்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக இருக்கும் நண்பனைக் கூட்டி வந்தேன். டேப் வைத்துத் தூணின் குறுகிய பக்கத்தை அளந்தான், 23 சென்டிமீட்டர். "பூச்சு ரெண்டு பக்கமும் சேர்த்து மூணு போகும். உள்ள 20தான் கான்கிரீட்" என்றான். அதிர்வைத் தாங்கக் கட்டும் தூண்களுக்கு இந்தியாவின் 2016 விதி குறைந்தது 30 கேட்கிறது. 20 என்றால் பழைய கட்டடம் அல்லது விதியைப் பார்க்காமல் கட்டியது என்று அர்த்தம், அது ஒன்றை வைத்தே விழுந்துவிடும் என்று முடிவுகட்டக் கூடாது என்றும் அவனே சொன்னான்.

விரிசல்களை அவன் பிரித்துக் காட்டியது எல்லோருக்கும் உதவும். செங்கல் சுவரும் பீமும் சேரும் கோட்டில் மயிரிழை போல ஓடும் விரிசல் பெரும்பாலும் பூச்சு சுருங்குவதால் வருவது. அதற்குப் பயப்பட வேண்டாம். சுவரில் மூலைக்கு மூலை சாய்வாக, அல்லது பெருக்கல் குறி போல ஓடினால் கட்டடம் பக்கவாட்டில் ஆடியிருக்கலாம், அடித்தளம் கீழே இறங்கியிருக்கலாம். கேட்டே ஆக வேண்டும். தூணின் நீளவாக்கில் விரிசலும் பழுப்புக் கறையும் சேர்ந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்திருக்கிறது. தூணின் தலையிலோ அடியிலோ குறுக்காக அல்லது சாய்வாக விரிசல் இருந்தால், பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை அந்த வீடு வேண்டாம். எங்கள் கட்டடத்தில் பூசி மறைத்தது சரியாக அந்த இடத்தைத்தான்.

வெளியிலிருந்து பார்த்துத் தெரியாததும் நிறைய உண்டு. உள்ளே கம்பி எத்தனை, அதைச் சுற்றிக் கட்டிய வளையங்கள் எவ்வளவு நெருக்கம், கான்கிரீட் எவ்வளவு தரம் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் காகிதம். அனுமதி பெற்ற கட்டட வரைபட நகலை வீட்டுக்காரரிடம் கேட்டேன். நாலு முறை தட்டிக்கழித்துவிட்டு ஐந்தாம் முறை கொடுத்தார். அதில் தரைத்தளமும் இரண்டு மாடியும்தான். மீதி இரண்டு மாடி பிறகு ஏற்றியது. கீழே கடைகளுக்கு நடுவில் வரைபடத்தில் இருந்த சுவரும் இப்போது இல்லை. மேலே எடையைக் கூட்டி, கீழே தாங்குவதைக் குறைத்திருக்கிறார்கள். நான் குடியிருந்தது மூன்றாவது மாடியில், அனுமதியே இல்லாத தளத்தில்.

அன்றே காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். "ஒப்பந்தக் காலம் முடியலை, அட்வான்ஸ் கிடையாது" என்றார். பூசிய தூண்களின் படங்களும் வரைபட நகலும் வைத்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

இப்போது இருக்கும் வீட்டைப் பகலில் பார்த்தேன். மாடிகளை எண்ணி, வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் முன்பணம் கொடுத்தேன். ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். தூண், பீம், தாங்கு சுவர் எதிலாவது முந்தைய சேதம் மறைக்கப்பட்டது தெரிந்தாலோ, அனுமதிக்கு மீறிய தளம் என்று தெரிந்தாலோ, எந்த நாளும் காலி செய்து முழு அட்வான்ஸையும் திரும்பப் பெறலாம் என்று. இந்த வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார்.