நாத்திகருக்கு நாளை ஆபரேஷன்: ‘உங்களுக்காக ஜெபிக்கிறேன்’ என்று சொல்லலாமா?

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுயமரியாதைத் திருமணம் செய்தவர், கடவுள் இல்லை என்பதில் உறுதியானவர். நாளைக் காலை அவருக்கு பைபாஸ் ஆபரேஷன். நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கன். மாலையில் அவரைப் பார்க்கப் போகிறேன். என் முன்னால் நான்கு வழிகள் உண்டு. வாயே திறக்காமல் வீட்டில் வேண்டிக்கொள்ளலாம். ‘உங்களுக்காக ஜெபிக்கிறேன் சார்’ என்று சொல்லிவிடலாம். ஜெபம் என்ற பேச்சையே எடுக்காமல் வேறு வார்த்தையில் அன்பைச் சொல்லலாம். இல்லையென்றால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம்.

முதல் வழி பலருக்கும் பிடித்தது. யாருக்கும் தொந்தரவில்லை. அதற்கு ஆதரவாக ஓர் ஆய்வையும் காட்டலாம். அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கி, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். கிறிஸ்தவ ஜெபக்குழுக்கள் ஆபரேஷனுக்கு முந்தின இரவில் தொடங்கி 14 நாள் ஜெபித்தன. தனக்காக ஜெபம் நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம் என்று சொல்லப்பட்ட இரு பிரிவுகளில், ஜெபம் பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் ஏதோவொரு சிக்கல் வந்தது. தனக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட மூன்றாம் பிரிவில் அது 59 சதவீதம். ‘ஜெபக்குழுவைக் கூப்பிடும் அளவுக்கா என் நிலைமை மோசம்?’ என்ற பதற்றம் காரணமாக இருக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வெறும் தற்செயலாகவும் இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

இதை வைத்துக் கடவுள் இல்லை என்றோ ஜெபம் பொய் என்றோ தீர்ப்பு எழுத முடியாது. குடும்பத்தாரும் நண்பர்களும் ஜெபிப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆகவே ‘ஜெபம் பெறாதவர்’ என்று அங்கே சொன்னது அந்தக் குழுக்களின் ஜெபம் பெறாதவரைத்தான். ஆனாலும் என்னைப் போன்ற விசுவாசி இதிலிருந்து ஒன்றை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். ‘ஜெபித்தால் சிக்கல் குறையும்’ என்று ஒரு நோயாளியிடம் உறுதி சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.

சரி, மௌனமாக ஜெபிப்பதாகவே இருக்கட்டும். என்ன கேட்டு ஜெபிக்கிறேன்? அவர் நல்லபடியாக எழுந்து வர வேண்டும் என்றா, அப்படியே கிறிஸ்துவையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றா? எங்கள் திருச்சபையில் இரண்டாவது வேண்டுதலும் உண்டு, அது ஒளிவுமறைவாக நடப்பதும் இல்லை. புனித வெள்ளி வழிபாட்டில் வரிசையாகப் பத்து மன்றாட்டுகள் வரும். கிறிஸ்துவை நம்பாதவர்களுக்கு ஒன்று, கடவுளையே நம்பாதவர்களுக்கு ஒன்று. நேர்மையான உள்ளத்தோடு சரியானதைப் பின்பற்றி அவர்கள் கடவுளைக் கண்டடைய வேண்டும் என்று ஊரறியக் கேட்கிறோம். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்த வேண்டுதலை மனதில் வைத்துக்கொண்டு, அவரிடம் ‘சீக்கிரம் குணமாகணும்னு ஜெபிக்கிறேன்’ என்று மட்டும் சொன்னால், பாதியை மறைத்ததாகிவிடும். நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: என் ஜெபத்தை வரிவிடாமல் அவர் கேட்க நேர்ந்தால், ஏமாந்ததாக அவர் நினைப்பாரா? நினைப்பார் என்றால், ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்த வேண்டுதலை ஒதுக்கிவைத்துவிட்டு உடல்நலத்தை மட்டும் கேட்பதே சரி.

எதைக் கேட்கலாம் என்பதில் இஸ்லாமிய அறிஞர்கள் என்னைவிடத் தெளிவாகக் கோடு போட்டிருக்கிறார்கள். உயிரோடிருக்கும் பிற மதத்தாருக்கு நோய் குணமாகவும் நேர்வழி கிடைக்கவும் துஆ கேட்கலாம் என்பது பரவலான கருத்து. மஃரிப் தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதுவதற்காக, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் காத்திருக்கும் இந்துத் தாய்மார்களை நம் ஊர்களில் பார்க்கலாம். ஆனால் இறைவனுக்கு இணையாகப் பிறரை வணங்கும் இணைவைப்பவராக இறந்தவருக்குப் பாவமன்னிப்புக் கேட்பதைத் திருக்குர்ஆன் 9:113 தடுக்கிறது. இந்து நண்பரின் வீட்டுத் துக்கத்துக்குப் போகும் முஸ்லிம், ‘அவருக்காக துஆ செய்றேன்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருவதைவிட, ‘உங்க எல்லாருக்கும் அல்லாஹ் பொறுமையையும் தைரியத்தையும் தரணும்னு கேட்கிறேன்’ என்று சொன்னால் அது அவர் மார்க்கத்துக்கும் உண்மை, அந்த வீட்டாருக்கும் ஆறுதல்.

இரண்டாவது வழிக்கு, அதாவது நேரடியாகச் சொல்லிவிடுவதற்கு, நான் அதிகம் இடம் தரமாட்டேன். விசுவாசிகளுக்குள் அது நன்றாகவே இருக்கும். இந்த ஆசிரியரிடம் சொன்னால், படுத்திருக்கும் நிலையிலும் அவர் ஏதோ பதில் சொல்லியாக வேண்டும். நன்றி சொன்னால் தன் கொள்கையை விட்ட மாதிரி, மறுத்தால் என்னைப் புண்படுத்திய மாதிரி. அப்புறம், ‘ஜெபிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மறந்துவிடுவது நம்மிடையே சாதாரணம். அவருக்கு அது தெரியவராது என்பதற்காக அது பொய் இல்லை என்றாகிவிடாது.

மூன்றாவது வழியைச் சிலர் கோழைத்தனம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2018-ல் கருணாநிதி காவேரி மருத்துவமனையில் இருந்தபோது, வெளியே நின்ற தொண்டர்கள் ‘எழுந்து வா தலைவா’ என்று குரல் கொடுத்தார்கள். கடவுளை நம்பாத அந்தத் தலைவரையே நோக்கிச் சொன்ன வேண்டுகோள் அது. அவர் கொள்கைக்கு மாறான ஒரு சொல் அதில் இல்லை. அதே போல, ‘சார், நல்லபடியா வந்துடுங்க. காலைல ஆபரேஷன் முடியும்வரைக்கும் உங்க நினைப்பாத்தான் இருப்பேன்’ என்று நானும் சொல்லலாம். உண்மையிலேயே நினைத்துக்கொண்டிருப்பேன் என்பதால் அது முழு உண்மை.

இருந்தாலும், பல வருடப் பழக்கம் உள்ளவரிடம் நான் நான்காவது வழியைத்தான் எடுப்பேன். ‘சார், உங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னு தெரியும். நான் வீட்ல உங்க உடம்புக்காக வேண்டிக்குவேன், வேற எதுவும் கேட்க மாட்டேன். உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?’ என்று கேட்பேன். இங்கே நம்புவது யார், என்ன கேட்கப் போகிறேன், எங்கே செய்வேன் என்ற மூன்றும் தெளிவாகிவிடுகின்றன. கட்டிலருகே நின்று சத்தமாக ஜெபிக்க அனுமதி கேட்பது வேறு; முடியாது என்று எழுந்து போக முடியாதவரிடம் அதைக் கேட்கவே கூடாது. மகன், மருமகள் சூழ நிற்கும்போதும் கேட்கக் கூடாது. அவர்களுக்காகச் சரி என்பார்.

பொருளோடு வரும் வேண்டுதலுக்கும் இதே நேர்மை வேண்டும். கோயிலில் அர்ச்சனை செய்ய பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம் கேட்பார்கள். முஸ்லிம் நண்பருக்கு நட்சத்திரம் எங்கே தேடுவது? சுவாமி பெயருக்கே அர்ச்சனை செய்துவிட்டு மனதில் அவரை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சர்க்கரைப் பொங்கலைப் பிரசாதம் என்று சொல்லாமல் டப்பாவில் போட்டு நீட்டக் கூடாது. முஸ்லிம்களும் பல கிறிஸ்தவர்களும் படைத்ததைச் சாப்பிடமாட்டார்கள். முதலிலேயே சொல்லிவிட்டால், வாங்குவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்துகொள்வார்.

ஆசிரியர் ‘வேண்டாம்ப்பா’ என்று சொல்லிவிட்டால்? ‘சரி சார்’ என்று அத்தோடு விட்டுவிடுவேன். அன்றிரவு செபமாலை எடுக்கும்போது அவர் முகம் மனதில் வரத்தான் செய்யும், அதை என்னால் தடுக்க முடியாது. ஆனால் பூசையில் அவருக்காக வேண்டும்படி அவர் பெயரில் திருப்பலிக் கருத்து எழுதிக் கொடுக்கமாட்டேன், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் அவர் நோயைச் சொல்லமாட்டேன். அவர் குணமாகி வீடு திரும்பிய பிறகு, ‘பார்த்தீங்களா, ஜெபம் காப்பாத்திடுச்சு’ என்றும் சொல்லமாட்டேன். காப்பாற்றியது என்று எனக்குத் தெரிந்தவர் அவர் நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்த டாக்டர். கடவுளின் பங்கு என் நம்பிக்கை. அவரே ஒரு நாள் ‘அன்னிக்கு வேண்டிக்கிட்டியா?’ என்று கேட்டால், மனதில் வந்ததை வந்தபடி சொல்வேன்.