பெற்றோருடன் வசிப்பதைப் பயோவில் சொல்ல மூன்று வழிகள்

எனக்கு 32 வயது. சென்னை வில்லிவாக்கத்தில், அப்பா கட்டிய வீட்டில், அப்பா, அம்மா, பாட்டி ஆகியோருடன் வசிக்கிறேன். வரன் தேடும் தளத்திலும் டேட்டிங் செயலியிலும் ஓராண்டு காலம் என் அறிமுகக் குறிப்பை மூன்று விதமாக மாற்றி எழுதிப் பார்த்தேன். மூன்றாவது இன்றும் அப்படியே இருக்கிறது என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழி, எதுவுமே சொல்லாமல் விடுவது. வரன் தளங்களில் குடும்பத்தைப் பற்றித் தனிப் பகுதியே இருப்பதால் அங்கே இது பயன்படாது. டேட்டிங் செயலியில் சில நாள் தாங்கும்; பிறகு பேச்சுவாக்கில் தெரியவரும்போது, சாதாரணச் செய்தி மறைத்த செய்தியாகிவிடும்.

இரண்டாவது வழி கொஞ்சம் சாமர்த்தியமானது. ‘நான் பெற்றோருடன் வசிக்கிறேன்’ என்பதைத் திருப்பிப் போட்டு, ‘பெற்றோர் என்னுடன் வசிக்கிறார்கள்’ என்று எழுதுவது. இதன் கவர்ச்சிக்கு இலக்கணமே காரணம். ‘ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே’ என்கிறது தொல்காப்பியம். அதாவது, இருவர் ஒரே செயலைச் செய்யும்போது உயர்ந்தவர் பெயரோடுதான் ‘ஒடு’ சேரும். ‘உடன்’ எந்தப் பெயரோடு சேர்கிறதோ அவரே வீட்டுக்குத் தலைவர் என்று நம் காது இன்றும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் வீடு அப்பாவின் பெயரில் இருக்கும்போது இந்த வாக்கியம் முதல் தொலைபேசிப் பேச்சைக்கூடத் தாண்டாது. ‘சொந்த வீடா?’ என்று ஒருவர் கேட்டார். ‘அப்பா கட்டியது’ என்றேன். ‘அப்படியானால் நீங்கள்தானே அவர்களுடன் இருக்கிறீர்கள்?’ என்று அவர் சிரித்தபோது எனக்குப் பதில் இல்லை. வாடகையோ வீட்டுக் கடன் தவணையோ உண்மையிலேயே நீங்கள் கட்டுவதாக இருந்தால் இந்த வழி பொருந்தும்.

மூன்றாவது வழியில், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, அந்த வீட்டில் உங்கள் பொறுப்பு என்ன என்பதை அடுத்த வாக்கியத்தில் சேர்க்க வேண்டும். நான் எழுதியது இது: ‘அப்பா, அம்மா, பாட்டியுடன் ஒரே வீடு, ஒரே அடுப்பு. மளிகையும் கரண்ட் பில்லும் என் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை சமையல் என் முறை.’ இதில் தொகை எதுவும் இல்லை. ‘பெற்றோரைக் கவனித்துக்கொள்வதற்காக’ என்ற காரணமும் இல்லை. அப்படிக் காரணம் சொன்னால் அது சாக்குப்போல ஒலிப்பதோடு, அந்தக் கவனிப்பு நாளை தன் தலையில் விழுமோ என்ற கவலையையும் படிப்பவருக்குத் தரும். பொறுப்பு எதுவானாலும் திரும்பத் திரும்ப வருவதாகவும் கேட்டால் விவரம் சொல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஒருவர் விளையாட்டாக ‘கடைசி பில் எவ்வளவு?’ என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நானே கட்டுவதால், பாட்டியின் அறையில் ஏசி ஓடிய மே மாதக் கணக்கு வரை சொல்ல முடிந்தது.

ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இன்னொரு கேள்வி: திருமணத்துக்குப் பிறகு எங்கே? இதைச் சொல்லாத வரையில், பில்லை யார் கட்டினாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. சார்ந்திருக்கிறாரா என்று எடைபோடுபவர்கள் பணத்தைவிட, முடிவு யார் கையில் என்பதையே பார்க்கிறார்கள். அதனால் முதலில் ‘திருமணத்துக்குப் பின் தனி வீடு’ என்று சேர்த்தேன். வரன் தளத்தை உறவினர்களும் பார்ப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா, ‘ஊருக்கெல்லாம் சொல்லிட்டே, எங்ககிட்ட சொல்லணும்னு தோணலையா?’ என்று கேட்டார். அன்றிரவு உட்கார்ந்து பேசிய பிறகு, ‘தனியாகவும் இருக்கலாம், சேர்ந்தும் இருக்கலாம், இரண்டுக்கும் வீட்டில் சம்மதம்’ என்று மாற்றினேன். மறுநாள் படித்தபோது ‘சம்மதம்’ என்ற ஒரு சொல்லே என்னைப் பள்ளிப் பிள்ளையாக்கியிருந்தது. ‘வீட்டில் பேசிவிட்டேன், வருபவரோடு சேர்ந்து முடிவு செய்வேன்’ என்று திருத்தினேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வராமலில்லை. வந்தாலும் ‘உங்களுக்கு எது பிடிக்கும்?’ என்று நான் திருப்பிக் கேட்குமளவுக்குப் பேச்சு சமநிலைக்கு வந்துவிடுகிறது.

இவை ஓர் ஆணின் அனுபவம். பெண்கள் பெற்றோருடன் வசிப்பதை நம் ஊரில் யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. அவர்களுக்குச் சிக்கல் வேறு என்கிறாள் என் சித்தி மகள். அவள் பயோவில் வீட்டைப் பற்றி எழுதாமல், அலுவலகப் பயணங்களையும் தனியாகப் போய்வந்த ஊர்களையும் மட்டும் எழுதியிருக்கிறாள். அண்ணன் குடும்பத்தோடு எட்டுப் பேராக வாழும் நண்பர் ஒருவர், ‘கூட்டுக் குடும்பம்’ என்ற சொல்லையே தவிர்த்துவிட்டு, ‘கீழே எல்லோருக்கும் ஒரே சமையல், மாடி அறை எனக்கு’ என்று எழுதுகிறார். அவரிடம் கேட்கப்படுவது பணத்தைப் பற்றியதல்ல, தனிமையைப் பற்றியதாம். அந்த அளவு பெரிய வீட்டில் நான் இருந்ததில்லை என்பதால், அவர் சொன்னதைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.