வண்டி மேல் நிற்கும் தலைகீழ் ஊசல்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

தலைகீழ் ஊசல் என்பது கீழ்முனையில் கீல் வைத்த கம்பியை, அந்த முனையை நகர்த்தியே விழாமல் நிறுத்திவைக்கும் கருவி. என்னிடம் இருப்பது வண்டி ஓடும் வகை. வண்டி 80 செ.மீ. தூரம் ஓடக்கூடிய தண்டவாளம், GT2 பெல்ட், அதை இழுக்க ஒரு ஸ்டெப்பர் மோட்டார். வண்டியின் மேல் கோணத்தை அளக்க முதலில் வைத்தது 600 பல்ஸ் என்கோடர். அதன் தண்டிலேயே 60 செ.மீ. அலுமினியக் கம்பியைப் பொருத்தியிருக்கிறேன். ESP32 போர்டு 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை கணக்குப் போடுகிறது. பாகம் பாகமாக வாங்கி நானே கட்டியது. சில வருடங்களாக மாணவர்கள் கையில் நன்றாக அடிபட்டிருக்கிறது.

டிசி மோட்டாரை விட்டு ஸ்டெப்பரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஸ்டெப் தவறாத வரை அது சொன்ன வேகத்தில்தான் ஓடும். அதனால் வண்டியின் முடுக்கத்தையே உள்ளீடாக எடுத்துக்கொள்ளலாம்; வண்டியின் எடையும் தண்டவாள உராய்வும் சமன்பாட்டிலிருந்து விலகிவிடும். ஒரு முனையில் கீல் வைத்த சீரான கம்பிக்குப் பயனுறு நீளம் மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது இங்கே 0.4 மீட்டர். x வண்டியின் இடம், a அதன் முடுக்கம், th ரேடியனில் கம்பியின் சாய்வு என்று வைத்தால், சாய்வு சிறியதாக இருக்கும்போது மொத்த மாடலும் இவ்வளவுதான்:

```
x''  = a
th'' = 24.5*th - 2.5*a
```

24.5-இன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 5. கம்பியை அப்படியே விட்டால் சாய்வு ஒவ்வொரு 0.2 விநாடிக்கும் சுமார் 2.7 மடங்காகும். கணினி செய்ய வேண்டிய எல்லாமே இந்த நேரத்துக்குள் நடக்க வேண்டும். கம்பி 15 செ.மீ. ஆனால் இந்த நேரம் 0.1 விநாடியாகச் சுருங்கிவிடும். புதிதாகக் கட்டுபவர்கள் நீளமான கம்பியை எடுப்பதே நல்லது.

இந்தக் கருவி கற்றுத்தரும் விஷயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்றே ஒன்று. அதை விரிவாகவே சொல்கிறேன்.

வரும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் சாய்வை மட்டும் பார்க்கிறார்கள். கம்பி வலப்பக்கம் சாய்ந்தால் வண்டியை வலப்பக்கம் முடுக்கு. சாய்வைப் பெருக்க ஓர் எண், அதாவது ஒரு கெயின்; சாயும் வேகத்துக்கு ஒரு கெயின். கம்பி உண்மையிலேயே நிற்கும்! ஆனால் வண்டி ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போய் ஓரத்தில் இடிக்கும். என்கோடரின் பூஜ்யம் அரை டிகிரி தவறினாலே போதும். கீழே வரும் கெயின்களில் சாய்வுக்கான இரண்டை மட்டும் வைத்தால், வண்டி விநாடிக்கு விநாடி 0.11 மீ/வி வேகம் கூடிக்கொண்டே போகும். நடுவிலிருந்து கிளம்பினால் மூன்று விநாடிக்குள் முனையைத் தொட்டுவிடும். கம்பி மட்டும் கடைசி வரை அழகாக நிற்கும்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது, வண்டி வலப்பக்கம் போய்விட்டால் இடப்பக்கம் இழு என்பது. அதை எழுதினால் கம்பி விழுந்துவிடும். கெயினை எவ்வளவு மாற்றினாலும் விழும். ஏன் என்பதை வண்டியின் இடம் x, அதன் வேகம் v, கம்பியின் சாய்வு th, சாயும் வேகம் om என்ற நான்கு நிலைகளையும் சேர்த்து எழுதினால்தான் பார்க்க முடியும். a = k1·x + k2·v + k3·th + k4·om என்று வைத்துப் பெருக்கினால் சிறப்புச் சமன்பாடு இப்படி வரும்:

```
s^4 + (2.5*k4 - k2)*s^3 + (2.5*k3 - k1 - 24.5)*s^2
    + 24.5*k2*s + 24.5*k1 = 0
```

கடைசி உறுப்பைப் பாருங்கள். நிலைத்து நிற்க எல்லாக் குணகங்களும் நேர்மமாக இருந்தாக வேண்டும். அப்படியென்றால் k1, k2 இரண்டும் நேர்மம். வண்டி வலப்பக்கம் இருந்தால் அதை முதலில் இன்னும் வலப்பக்கமே தள்ள வேண்டும்! அப்போதுதான் கம்பி இடப்பக்கம் சாயும். சாய்ந்த கம்பியைப் பிடிக்க வண்டி இடப்பக்கம் ஓடி நடுவுக்கு வரும். உள்ளங்கையில் விளக்குமாற்றை நிறுத்திக்கொண்டு இடப்பக்கம் நடக்க நினைப்பவரின் கையும் முதலில் கொஞ்சம் வலப்பக்கம்தான் போகும். கருவியில் இதைப் பார்க்க, வண்டி நிற்க வேண்டிய இடத்தை 10 செ.மீ. இடப்பக்கம் மாற்றிக் கொடுங்கள். வண்டி முதலில் எதிர்ப்பக்கம் ஓர் அடி எடுத்துவைத்துவிட்டுத்தான் திரும்பும். மோட்டார் ஒன்று, அடக்க வேண்டிய நிலைகள் நான்கு. தனித்தனியாகக் கெயின் தட்டிப் பார்ப்பவருக்கு இந்தக் குறி பிடிபடுவது கடினம்.

நான் துருவங்களை, அதாவது இந்தச் சமன்பாட்டின் தீர்வுகளை, −5, −5, −2, −2 என்று வைக்கிறேன். விரித்தால் s^4 + 14s^3 + 69s^2 + 140s + 100. மேலே உள்ளதோடு ஒப்பிட்டால் கெயின்கள் கையாலேயே வந்துவிடும்:

```
a = 4.1*x + 5.7*v + 39.0*th + 7.9*om;
a = constrain(a, -5.0, 5.0);
v += a*dt;
x += v*dt;
```

சரி, வேகமான துருவம் வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று யாராவது கேட்பார்கள். நான்கையும் −10-இல் வைத்தால் k4 81 ஆகிறது. 600 பல்ஸ் என்கோடர் ஒரு சுற்றுக்கு 2400 எண்ணிக்கை தரும்; ஓர் எண்ணிக்கை 0.15 டிகிரி. 5 மில்லி விநாடியில் ஓர் எண்ணிக்கை மாறினால் சாயும் வேகம் 0.52 ரேடியன்/வி என்று கணக்காகும். அதை 81-ஆல் பெருக்கினால் 42 மீ/வி². கம்பி அசையாமல் நிற்கும்போதே மோட்டாருக்கு இப்படிக் கட்டளை போனால் அது அலறி, ஸ்டெப்பைத் தவறவிடும். 7.9-இலேயே 4 மீ/வி² தாவல் இருக்கிறது. அதனால் சாயும் வேகத்துக்கு 20 மில்லி விநாடி ஃபில்டர் போட்டிருந்தேன். துருவத்தை எங்கே வைக்கலாம் என்பதைக் கடைசியில் என்கோடர்தான் தீர்மானிக்கிறது.

நீண்ட நாள் ஓட்டத்தில் அடிக்கடி வருகிற புகார் ஒன்று: கம்பி நன்றாக நிற்கிறது, வண்டி மட்டும் நடுவில் நிற்பதில்லை. இதற்கு இரண்டு காரணங்கள். x-இன் மதிப்பைத் திரையில் பார்த்தாலே பிரித்துவிடலாம். வண்டி 8 செ.மீ. தள்ளி நிற்கிறது, x-உம் 0.08 காட்டுகிறது என்றால் சாய்வின் பூஜ்யம் தவறியிருக்கிறது. வண்டி நிலையாக நிற்கும்போது 4.1·x-உம் 39-ஆல் பெருக்கிய பூஜ்யப் பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டும். 8 செ.மீ.-க்கு அது அரை டிகிரி வரும். கம்பியைத் தொங்கவிட்டு, ஆட்டம் முழுதாக நின்றபின் பூஜ்யம் எடுத்தால் சரியாகிவிடும். x பூஜ்யம் காட்டுகிறது, வண்டி மட்டும் தள்ளி நிற்கிறது என்றால் மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிட்டிருக்கிறது. இங்கே x என்பது அளந்தது இல்லை, அனுப்பிய ஸ்டெப்களின் கணக்கு மட்டுமே. முடுக்க வரம்பைக் குறைக்கலாம். மோட்டார் டிரைவர் தாங்குமென்றால் மின்னழுத்தத்தைக் கூட்டலாம்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஓடும்போதே வண்டி நிற்கும் இடம் மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போனால், கம்பியை என்கோடர் தண்டில் பிடித்திருக்கும் திருகு தளர்கிறது. தண்டில் தட்டையான முகம் ஒன்று ராவி, திருகை அதன் மேல் அமர்த்தியபின் அது மறுபடி வரவில்லை.

இப்போது என்கோடரை 2500 பல்ஸுக்கு மாற்றியிருக்கிறேன். ஓர் எண்ணிக்கை 0.036 டிகிரி, கட்டளையில் வரும் தாவல் 1 மீ/வி². ஃபில்டரை 5 மில்லி விநாடிக்கு இறக்கிவிட்டேன். பெல்ட்டின் இரைச்சலும் அடங்கிவிட்டது. புதிதாகக் கட்டுபவர்கள் மோட்டாரில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, காசை என்கோடரில் போடுங்கள்.