வேலையை மறுக்கும் மடல்: மூன்று வரைவுகளின் ஒப்பீடு

என் அக்கா மகனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் கிடைத்தன. ஒன்று, அம்பத்தூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் பணி, ஆண்டுக்கு 5.4 லட்சம். மற்றொன்று கங்கைகொண்டான் சிப்காட்டில், பாளையங்கோட்டை வீட்டிலிருந்து கம்பெனி பேருந்தில் போய்வரும் தூரத்தில், ஆண்டுக்கு 4.6 லட்சம். அவன் கங்கைகொண்டானைத் தேர்ந்தெடுத்தான். சென்னை நிறுவனம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் கேட்டிருந்தது. செவ்வாய் இரவு, தான் எழுதிய இரண்டு வரைவுகளைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் பணியில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவன் என்பதால், இப்படிப்பட்ட மடல்களை வாங்கிப் படிக்கும் இடத்திலிருந்து பார்த்துப் பழகியவன் நான். அந்த இரண்டையும், கடைசியில் நாங்கள் சேர்ந்து எழுதிய மூன்றாவதையும், படிக்கும் ஹெச்.ஆர். அம்மையாரின் கண் கொண்டு இங்கே ஒப்பிடுகிறேன். இத்தகைய மடல்களை நாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அனுப்புகிறோம். ஆனால் எதை முதலில் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது மொழியைப் பொறுத்து மாறுவதில்லை.

முதல் வரைவு மூன்றே வரி: “வணக்கம் மேடம். சொந்தக் காரணங்களால் தற்போது சேர இயலாத நிலையில் இருக்கிறேன். வாய்ப்புக்கு நன்றி.” இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ‘ஜாதகம் பொருந்தவில்லை’ என்று சொல்லி அனுப்புவதைப் போல, யாரையும் புண்படுத்தாமல் விலகும் பேச்சு இது. நம் ஊரில் ‘வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்’ என்றாலே பாதி மறுப்பு என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து நாற்பது பேரை ஒரே நேரத்தில் கவனித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது புரியாது. ‘தற்போது’ என்ற சொல்லைப் பார்த்ததும், சேரும் தேதியைத் தள்ளிவைத்தால் வந்துவிடுவான் என்று அவர் நினைப்பார். மறுநாள் மீண்டும் அழைப்பார். அந்த அழைப்பை எடுக்கத் தயங்கி இவன் கைபேசியைக் கவிழ்த்து வைப்பான். உறவு கெடுவது மடலால் அன்று, அந்த எடுக்கப்படாத அழைப்பால்.

இதற்கு மேல் ஒரு குறையும் உண்டு. ஒருவர் வேலையை மறுத்தால் அந்த அம்மையார் தம் கணினிப் பதிவில் காரணத்தைக் குறிக்க வேண்டும். ஆள் கேட்ட துறை மேலாளரிடமும் விளக்க வேண்டும். ‘சொந்தக் காரணம்’ என்பதை வைத்துக்கொண்டு அவரால் எதையும் விளக்க முடியாது. சம்பளம் போதவில்லையா, சென்னை பிடிக்கவில்லையா, வேலையே பிடிக்கவில்லையா என்று தெரியாததால், ஓராண்டுக்குப் பிறகு வேறு ஓர் இடம் காலியாகும்போது இவனை அழைக்கலாமா என்று தீர்மானிக்க அவர் கையில் ஒன்றும் இருக்காது. மறுப்பு நாகரிகமாக முடிந்திருக்கும். தொடர்பும் அதோடு முடிந்திருக்கும்.

இரண்டாவது வரைவு நேர் எதிர்த் திசையில் போயிருந்தது. ஏறத்தாழ முப்பது வரிகள். நான்கு இடங்களில் மன்னிப்பு. கங்கைகொண்டான் ஆலையின் பெயர், அங்கே தரும் சம்பளம், சென்னையில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவு, அம்மாவின் முழங்கால் வலி, மூன்றாம் சுற்று நேர்காணல் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கியது என்று எல்லாம் இருந்தன. இவ்வளவும் உண்மைதான். ஆனால் ‘சேரவில்லை’ என்ற சொல் பத்தொன்பதாவது வரியில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதினெட்டு வரிகளையும் படிப்பவர், இவன் சம்பளத்தை உயர்த்திக் கேட்கிறான் என்றே எண்ணிக்கொண்டு வருவார்.

நீளத்தைக் காட்டிலும் ஆபத்தானது, இத்தகைய மடல் அந்த அம்மையாரோடு நிற்காது என்பதுதான். துறை மேலாளர் காரணம் கேட்டால், பலர் மடலை அப்படியே அவருக்கு அனுப்பிவிடுவார்கள். நேர்காணலைத் தாமதமாகத் தொடங்கியவர் அந்த மேலாளராகவே இருக்கலாம். மற்றொரு நிறுவனம் தனக்கு மட்டும் எழுதித் தந்த சம்பள விவரத்தை இவன் வெளியே சொல்கிறான் என்பதும் படிப்பவர் மனத்தில் பதியும். நேர்காணல் முறையைப் பற்றிய குறையைச் சொல்லக் கூடாது என்பதில்லை. அவர்களே கருத்துக் கேட்டால் தனியாகச் சொல்லலாம். மறுப்போடு சேர்த்துச் சொன்னால், குறையினால்தான் மறுத்தான் என்றாகிவிடும்.

மூன்றாவதை எழுதுவதற்கு முன் அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீ சொல்லப்போகும் காரணத்தை அந்த அம்மையார் நாளையே சரிசெய்து கொடுத்தால், நீ போய்ச் சேருவாயா? முதலில் அவன் சம்பளக் கணக்கைத்தான் சொன்னான்: ஆண்டுக்கு 80,000 ரூபாய் கூடுதல் என்றால் மாதம் 6,700 ரூபாய்க்கும் குறைவு, சென்னையில் தங்கிச் சாப்பிட அது போதாது. சரி, இன்னும் ஒரு லட்சம் கூட்டித் தந்தால்? கொஞ்ச நேரம் யோசித்தான். “இல்ல மாமா, அப்பவும் போவமாட்டேன். அங்க முடிஞ்ச சாமானைப் பாத்து முத்திரை குத்தணும். இங்க லைனையே நாங்கதான் போடணும்” என்றான். அதுதான் உண்மையான காரணம். சம்பளத்தையோ ஊரையோ காரணமாக எழுதியிருந்தால், அவர் மேலாளரிடம் போய் வாதாடி, ஒப்புதல் வாங்கி, உயர்த்திய தொகையோடு திரும்பி வந்திருக்கக்கூடும். அதன் பிறகும் மறுப்பது முதல் மறுப்பைவிடப் பன்மடங்கு கசப்பானது. சம்பளம் கூடினால் சேரும் எண்ணம் இருப்பவர் அதை மறுப்பு மடலில் எழுதக் கூடாது. அதற்கு முன்பே, பேரம் என்று வெளிப்படையாகத் தெரியும்படி கேட்டுவிட வேண்டும்.

கடைசியாக அனுப்பிய மடல் இது:

“வணக்கம் மேடம். தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. நன்கு யோசித்த பிறகு, இந்தப் பணியை ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். புதிய உற்பத்தி வரிசையைத் தொடக்கத்திலிருந்து நிறுவும் பொறுப்புள்ள வேறொரு பணியை ஏற்றிருக்கிறேன். இப்போது அந்த அனுபவமே எனக்குத் தேவை என்று கருதுகிறேன். நான் திருநெல்வேலியில் இருப்பதை மனத்தில் வைத்து முதல் இரண்டு சுற்றுகளையும் காணொளியில் நடத்தித் தந்தீர்கள். அந்த அக்கறையை மறக்கமாட்டேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உற்பத்தி முறைப் பொறியியலில் உங்களிடம் இடம் இருந்தால், சென்னையே ஆனாலும் பேச விரும்புவேன். என் சொந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் கீழே உள்ளன.”

முதல் வரைவோடு ஒப்பிட்டால் இது நீளம்தான். இரண்டாவதோடு ஒப்பிட்டால் மிகவும் சிறியது. மூன்றாவது வாக்கியத்திலேயே முடிவு வந்துவிடுகிறது. ‘தற்போது’, ‘இயலாத நிலை’ போன்ற ஊசலாடும் சொற்கள் இல்லை. காரணம் ஒன்றே, அதை அவர் மேலாளரிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியும். வேறு பணியை ஏற்றதைச் சொல்கிறது; எந்த நிறுவனம், எவ்வளவு சம்பளம் என்பதைச் சொல்லவில்லை. நன்றி பொதுவானதாக இல்லாமல், அவர் உண்மையில் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிடுகிறது. ‘எதிர்காலத்தில் தொடர்பில் இருப்போம்’ என்று எழுதுவதற்குப் பதிலாக எப்போது, எந்த வேலைக்கு, எந்த ஊருக்கு என்று எழுதியிருப்பதால், அந்த வரியை அவர் அப்படியே தம் குறிப்பில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த வரி மெய்யாக இருக்க வேண்டும்; சென்னைக்குப் போகவே மனமில்லாதவர் அதை எழுதினால், இரண்டு ஆண்டுகள் கழித்து வரும் அழைப்பு இருவருக்கும் சங்கடமாகும். எனவே அப்படிப்பட்டவர் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, நெல்லையிலோ தூத்துக்குடியிலோ கிளை வந்தால் சொல்லுங்கள் என்று எழுதுவதே முறை.

எதில் அனுப்புவது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் கை கழுவியதுபோல இருக்கும். நிறுவனப் பதிவிலும் சேராது. தொலைபேசியில் மட்டும் சொன்னால், அவர் விடுப்பில் போனதும் அடுத்தவருக்கு ஒன்றும் தெரியாது. முதலில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, அன்றே அவர்கள் வேலைக் கடிதம் அனுப்பிய அதே மின்னஞ்சலுக்கு மறுமொழியாக இதை அனுப்புவதுதான் சிறந்தது. கெடு வெள்ளி என்பதற்காக வெள்ளி மாலை வரை வைத்திருக்கவும் கூடாது. நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டாவதாகத் தேறியவரிடம் ‘இல்லை’ என்று சொல்லாமல் சில நாள்கள் காத்திருக்கச் செய்கின்றன. புதன் காலையில் மறுப்பு வந்தால் அவரை அழைத்துவிடலாம். வெள்ளி இரவு வந்தால் அவர் வேறு எங்காவது சேர்ந்திருப்பார், தேடல் முதலிலிருந்து தொடங்கும்.

வேலை கன்சல்டன்சி வழியாக வந்திருந்தால் வரிசை மாறும். அவர்களுக்குக் கட்டணம் கிடைப்பது, பொதுவாக நாம் சேர்ந்த பிறகுதான். பல இடங்களில் சேர்ந்து சில மாதங்கள் நிலைத்த பிறகே. ஆகவே நம் மறுப்பு அவருடைய கைக்காசைத் தொடும் செய்தி. அவரைத் தாண்டி நேரே நிறுவனத்துக்கு எழுதுவது, வாடிக்கையாளர் முன் அவரைத் தலைகுனிய வைப்பதாகும். அவரிடம் முதலில் பேசி, நிறுவனத்துக்கு யார் எழுதுவது என்று கேட்டுக்கொண்டு அதன்படி செய்ய வேண்டும்.

ஏற்கிறேன் என்று கையெழுத்திட்டு அனுப்பிய பிறகு பின்வாங்குவது வேறு கதை. அங்கே மூன்றாவது வரைவும் போதாது. தொலைபேசியில் நேரடியாகப் பேசி, ஒரு முறை தெளிவாக மன்னிப்புக் கேட்டு, சேர்க்கைத் தொகையோ பயண முன்பணமோ வாங்கியிருந்தால் திருப்பித் தருவதாக எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் சேராமல் போனவர்களைச் சில நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கு மீண்டும் எடுப்பதில்லை. முன்கூட்டிச் சொன்னாலும் அந்த நிறுவனத்தின் கதவு சில காலம் சாத்தியே இருக்கலாம். அப்போதும் அந்தத் தனி மனிதரோடு உள்ள மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். ஆள் எடுப்பவர்களும் நிறுவனம் மாறுகிறவர்கள்தாம். அடுத்த முறை அவர் வேறோர் இடத்திலிருந்து அழைக்கலாம்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவன் அந்த அம்மையாரை அழைத்தான். “சம்பளம்தான் காரணமா தம்பி?” என்று அவர் கேட்டார், இல்லை மேடம், வேலையின் தன்மைதான் என்று விளக்கினான். பத்தே காலுக்கு மடலை அனுப்பினான். காத்திருந்த மற்றொருவரை அழைத்துவிட்டதாகவும், வெள்ளி வரை இழுக்காமல் சொன்னதற்கு நன்றி என்றும் நண்பகலுக்குள் பதில் வந்தது. அதன் பிறகே லிங்க்ட்இனில் அவருக்கு இணைப்பு வேண்டுகோள் அனுப்பினான். ஆறு மாதம் கழித்துத் தன் ஆலையில் முதல் உற்பத்தி வரிசை ஓடத் தொடங்கியதும், எதையும் கேட்காமல் அதை மட்டும் இரண்டு வரியில் அவருக்குத் தெரிவித்தான்.